எட்டு விளக்கும் ஆறு மாத லாபமும்

எங்கள் உத்திர வீதியில் அழகியமணவாளனைப் போலப் பஞ்சாங்கம் பார்க்கிறவர் யாருமில்லை. க்ஷவரம் செய்துகொள்ள நாள் பார்ப்பார், புது வேஷ்டி கட்ட நட்சத்திரம் பார்ப்பார், விளக்கெண்ணெய் குடிக்கக்கூட யோகம் பார்ப்பார். அவருடைய தாத்தா பஞ்சாங்கம் கணித்தவராம். அந்தக் கணக்கு பேரன்வரை இறங்கி வரவில்லை, பார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு பக்கம் குறைவாகப் படித்ததால் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அவர் முதலில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். அது கேவலமான வேலை அல்ல, ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு அதுதான் ஜீவனம். ஆனால் அவருடைய வக்கீல், அவர் மனைவி வைதேஹியின் அண்ணா வேதாந்தம். மைத்துனனிடம் சம்பளம் வாங்குவதைவிடக் காவேரியில் நின்று யாசகம் வாங்கலாம் என்பது அழகியமணவாளனின் அபிப்பிராயம். காலையில் தம் வீட்டுக்கு வந்தால் வேதாந்தம், "வாங்கோ மாப்பிள்ளை, காபி சாப்பிடலாம்" என்பார். பத்து மணிக்குக் கோர்ட்டில் பார்த்தால், "ஓய், அந்தக் கேஸ் கட்டை எடும்" என்பார். ஒரே நாளில் இரண்டு மனிதராக இருந்து இருந்து அழகியமணவாளனுக்கு அலுத்துவிட்டது. ஒன்பது வருஷம் பொறுத்தார். அப்புறம் ஒரு தை மாதம், காதிலிருந்த வெள்ளைக்கல் கடுக்கனைக் கழற்றி விற்று, நாலு காஸ்லைட் வாங்கி, வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அப்போது திருச்சிராப்பள்ளியில் எலெக்ட்ரிக் விளக்கு வந்துவிட்டது. ஆனால் எலெக்ட்ரிக் விளக்கு கம்பத்தில் நிற்குமே தவிர, மாப்பிள்ளை அழைப்போடு கூட நடந்து வராது. ஊர்வலத்துக்குக் காஸ்லைட்தான் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பிரிட்டால் சூடேற்றி, பம்ப் அடித்தால் பகலாக எரியும். தலையில் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும். அதற்குப் பிச்சமுத்து இருந்தான். விளக்கைப் பற்றவைப்பது, சுமக்கிற ஆட்களைக் கூட்டி வருவது, விளக்கு அணைந்தால் இரண்டு வீட்டாரிடமும் திட்டு வாங்குவது எல்லாம் அவன் பொறுப்பு. பணம் வாங்கிக்கொள்வது மட்டும் அழகியமணவாளன் பொறுப்பு.

தையிலிருந்து ஆனிவரைக்கும் முகூர்த்தங்கள் பொழிந்து தள்ளின. சில நாள் ஒரே ராத்திரியில் இரண்டு கல்யாணத்துக்கு இரண்டிரண்டாக விளக்குகள் பிரிந்து போயின. எண்ணெய்க்கும் ஆள் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் போக, ஆனி மாதக் கடைசியில் நூறு ரூபாய் கையில் நின்றது. ஒன்பது வருஷக் குமாஸ்தா வேலையில் அவர் நூறு ரூபாயை மொத்தமாகப் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்ததும் அதை என்ன செய்வது என்ற கவலை வந்துவிட்டது. கவலைப்பட அவருக்கு உதவி செய்ய மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் மலைக்கோட்டைக்குக் கீழே விளக்குக் கடை வைத்திருந்த பிலோமின்ராஜ். நாலு விளக்கும் அவரிடம் வாங்கியதுதான். பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு எட்டு விளக்காவது வேண்டும், நாலு விளக்கோடு போய் நின்றால் கேட்கிறவர்களுக்கே வெட்கமாக இருக்கிறது என்றார். எட்டு வைத்திருக்கிறவனைத் தேடி எட்டு விளக்குக் கல்யாணம் வரும், நாலு வைத்திருக்கிறவனைத் தேடி இரண்டு விளக்குக் கல்யாணம் வரும் என்பது அவருடைய சித்தாந்தம். விளக்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். நூறு ரூபாய்க்குச் சரியாக நாலு. அழகியமணவாளனின் லாபத்தை அளவெடுத்தே அவர் விலை வைத்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

இரண்டாவது பிச்சமுத்து. அவனுக்கு மேண்டில் வேண்டும். மேண்டில் என்பது விளக்குக்குள் தொங்கும் சின்னத் துணிப்பை. ஒரு தடவை எரிந்தால் சாம்பலாகி, அந்தச் சாம்பலே வெளிச்சம் தரும். சுமக்கிறவன் கல் தடுக்கினால் போதும், சாம்பல் உதிர்ந்து விளக்கு இருட்டாகிவிடும். ஊர்வலத்தில் ஒரு தெருவுக்கு ஒன்று உதிரும். மாற்று மேண்டில், பம்ப்புக்குத் தோல் வாஷர், உடைந்தால் மாற்றக் கண்ணாடி எல்லாம் பெட்டி நிறைய இருந்தால்தான் தொழில் நடக்கும் என்றான். அவன் சொன்னது நியாயம். பெட்டி நிறைய இருந்தால் ஒன்று உதிரும்போது முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் அந்த நியாயத்தில் சேர்ந்ததுதான்.

மூன்றாவது வைதேஹி. ஆடி வருகிறது, கல்யாணம் கிடையாது, பணத்தைப் பணமாகவே வையுங்கள் என்றாள். இதுவும் சரியான பேச்சுத்தான். ஆனால் இந்தப் பேச்சில் ஓர் ஓட்டை இருந்தது, அதன் பெயர் வேதாந்தம். தங்கை வீட்டில் பணம் இருந்தால் வக்கீலுக்கு எப்படியோ மூன்றாம் நாள் மூக்கில் வேர்த்துவிடும். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போவார். எந்த வாரம் என்று சொல்லமாட்டார். வைதேஹிக்கு அண்ணாவிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. பணமாக வைத்தால் அது வேதாந்தத்தின் பணமாகத்தான் இருக்கும் என்று அழகியமணவாளனுக்குத் தெரியும். ஆடி மாதத்தைவிட அவருக்கு மைத்துனன் மேல்தான் பயம்.

வைதேஹி கடைசியாக இன்னொன்றும் சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டு விளக்கு வாங்குங்கோ. ஒரு பெட்டி மேண்டில் வாங்குங்கோ. மிச்சத்தை வையுங்கோ. ஒண்ணையே கட்டிண்டு ஏன் அழணும்?"

மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. பெண்டாட்டி சொல்லி முடித்துவிட்ட விஷயத்தில் அழகியமணவாளன் தீர்மானம் செய்ய என்ன இருக்கிறது? ஆறு விளக்கு என்பது நாலுமில்லை எட்டுமில்லை, கேட்கவே நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

அமர்க்களமாகப் பார்த்தார். வருகிற வியாழக்கிழமை அமிர்தயோகம். திதி நல்ல திதி. நட்சத்திரம் அவர் ஜன்ம நட்சத்திரத்துக்குப் பொருந்தி வந்தது. லக்னமும் ஸ்திரமான லக்னம், அதில் வாங்கிய பொருள் கைவிட்டுப் போகாதாம். இதையெல்லாம் எங்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். நாங்களும் பேஷ் என்றோம். அந்தப் பக்கத்தோடு பஞ்சாங்கத்தை மூடி மாடத்தில் வைத்தார்.

வியாழக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் காவேரிப் பாலத்தைத் தாண்டி, பிலோமின்ராஜ் கடையில் நூறு ரூபாயையும் வைத்தார். நாலு விளக்கோடு ஜட்காவில் திரும்பி வந்தார். நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். நாலு சித்திரை வீதியையும் சுற்றி, வேதாந்தத்தின் வாசலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொஞ்சம் நின்று வந்தார். மத்தியானம் எட்டு விளக்கையும் வாசலில் வரிசையாக மாட்டி, பட்டப்பகலில் கொளுத்திக் காட்டினார். அதற்கு வீட்டிலிருந்த கடைசி மேண்டில்களும் தீர்ந்தன. பிச்சமுத்து பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

ஆடி வந்தது. கல்யாணம் இல்லை. முப்பது நாள் எப்படியும் ஓடிவிடும், ஆவணி முதல் வாரத்தில் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டாம் பெருக்கு அன்று வைதேஹி கடன் வாங்கிய அரிசியில் சித்திரான்னம் கிளறினாள். அந்த மாதம் பிச்சமுத்து ஒரு வழி கொண்டுவந்தான். லால்குடிப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் கரகம் எடுக்கிறார்கள், ராத்திரி முழுக்க விளக்குக் கேட்கிறார்கள், கூலியும் கையோடு கொடுத்துவிடுவார்கள் என்றான். அழகியமணவாளன் மூக்கைச் சுளித்தார். ஆசாரமான கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற விளக்கு தீச்சட்டிக்கு முன்னால் போகுமா என்று கேட்டார். மண்ணெண்ணெய்க்குக் கோத்திரம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிச்சமுத்து வேறு யாருடைய விளக்கையோ தூக்கிக்கொண்டு லால்குடிக்குப் போனான்.

ஆடிக் கடைசியில் அழகியமணவாளன் சட்டை போட்டுக்கொண்டு, ஆவணிக் கல்யாணங்களுக்கு அச்சாரம் வாங்கக் கிளம்பினார். முதலில் சேஷு ஐயங்கார் வீடு. அவர் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது ஊருக்கே தெரியும். சேஷு ஐயங்கார் இவரை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"ஆவணியிலே ஏதுங்காணும் முகூர்த்தம்? சுக்கிர மௌட்யம் வரதே. புரட்டாசி நமக்கு ஆகாது. இனிமே ஐப்பசிதான். பஞ்சாங்கம் பார்க்கற ஆத்திலே பொறந்தவர் நீர், உமக்குத் தெரியாதா?"

தெரியாது என்று எப்படிச் சொல்வது? சும்மா சௌக்கியம் விசாரிக்க வந்ததாகச் சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். விளக்கு வாங்க நாள் பார்த்த பக்கம் மடித்தபடியே இருந்தது. அதைத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் தலைப்பிலேயே, கண் மங்கியவனுக்கும் தெரிகிற எழுத்தில், சுக்கிரன் அஸ்தமிக்கிற நாள் போட்டிருந்தது. சுக்கிரன் சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்துவிட்டால் அது மீண்டும் தெரிகிறவரை எங்களவர் யாரும் தாலி கட்டமாட்டார்கள். ஆவணி முழுக்க வெறும் பக்கம். கடைக்குச் சரக்கு வாங்க நேரம் பார்த்தவர், கடைக்கு வேலை வருமா என்று பார்க்கவில்லை. ஒரு மாதத்துக் கஷ்டம் என்று அவர் நினைத்தது மூன்று மாதத்துக் கஷ்டமாகிவிட்டது, அந்த ஒரு மாதத்துக்கே அவரிடம் பணம் இல்லை.

வைதேஹி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆவணியும் புரட்டாசியும் அந்த வீட்டில் எப்படிப் போயின என்று விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. அவரைப் பரிகாசம் செய்கிற நானே ஒரு நாள் வாசலில் நின்று, உள்ளே குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். எட்டு விளக்கும் கூடத்தில் வரிசையாகத் தொங்கின. வைதேஹி தினமும் அவற்றைத் துடைத்தாள். அந்த வீட்டில் பளபளவென்று இருந்தவை அவை மட்டும்தான். மளிகைக் கடைக்காரர் இரண்டு மாத பாக்கி கேட்டு ஆளனுப்பினார். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகைக்காகத் தாமே வந்தார்.

வேதாந்தமும் வந்தார். கடன் கேட்க இல்லை, கொடுக்க. அந்த மனிதர் கொடுக்க வருவது அதுதான் முதல் தடவை. காபியைக் குடித்துக்கொண்டே, மாப்பிள்ளை உட்கார்ந்த மேஜையில் இன்னும் வேறு ஆளைப் போடவில்லை என்றார். வேண்டுமானால் ஐம்பது ரூபாய் முன்பணம் தருகிறேன், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம், விளக்கை எல்லாம் விற்றுத் தலைமுழுகிவிட்டு வரட்டும் என்றார். ஐப்பசி முதல் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

அந்த வாரத்தில்தான் லால்குடியிலிருந்து ஒரு மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் எஜமானர் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எட்டு விளக்கு வேண்டும், எட்டு வைத்திருக்கிறவர் யார் என்று விசாரித்ததில் இவர் பெயரைச் சொன்னார்களாம். வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய் அச்சாரம் வைத்துவிட்டுப் போனார். அழகியமணவாளன் அந்த ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போய், நாலு விளக்கு மட்டும் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று கேட்டார். வைதேஹி கேட்டது ஒன்றே ஒன்று.

"வந்துடுத்து. எதை வெச்சுக் கொளுத்தப் போறேள்?"

அன்று பகலில் எரிந்தவை எப்போதோ உதிர்ந்துவிட்டன, எட்டு விளக்குக்கும் ஒரு மேண்டில்கூட இல்லை. எண்ணெய் இல்லை, ஸ்பிரிட் இல்லை, மூன்று மாதம் சும்மா கிடந்ததில் பம்ப்புத் தோல் எல்லாம் காய்ந்து வறண்டிருந்தது. சுமக்கிற ஆட்கள் லால்குடிவரை வர முன்பணம் கேட்டார்கள்.

அவர் பிலோமின்ராஜிடம் ஓடினார். ஒரு பெட்டி மேண்டில் கடனாகக் கொடுங்கள், கல்யாணம் முடிந்ததும் தருகிறேன் என்றார். பிலோமின்ராஜ் மரியாதையாக நாற்காலி போட்டார், மரியாதையாகவே மறுத்தார்.

"விளக்குன்னா கடனுக்குத் தரலாங்க சாமி. பணம் வரலேன்னா விளக்கைத் தூக்கிக்கிட்டு வந்துடலாம். மேண்டிலைக் கடன் குடுத்துட்டு எதைத் தூக்கிக்கிட்டு வரது, சாம்பலையா?"

வியாபாரம் ஆரம்பித்து ஒன்பது மாதத்தில் அழகியமணவாளன் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அதையும் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார். மளிகைக்கு, வாடகைக்கு, ஆட்களுக்கு, எண்ணெய்க்கு, மேண்டிலுக்கு என்று கூட்டிப் பார்த்தால் ஐம்பது ரூபாய்க்குக் குறையவில்லை. ஐம்பது ரூபாய் இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று வேதாந்தத்தின் மேஜை. இன்னொன்று கூடத்தில் தொங்கிய நாலு புது விளக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு விளக்கும் ஜட்காவில் ஏறின. இந்தத் தடவை சித்திரை வீதிகளைச் சுற்றவில்லை, குறுக்குச் சந்து வழியாகப் போயின. ஸ்திர லக்னத்தில் வாங்கியவை கைவிட்டுப் போகாது என்று அவர் படித்துக் காட்டியதை எங்களில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு தடவை பகலில் எரிந்த குற்றத்துக்காகப் பிலோமின்ராஜ் அவற்றைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். ஐம்பது ரூபாயைக் கையில் வாங்கிய பிறகுதான் அழகியமணவாளனுக்கு உறைத்தது. எல்லாச் சாமானும் வாங்கிவிடலாம், ஆனால் விளக்கு நாலுதான் இருக்கிறது. லால்குடியில் கேட்டதோ எட்டு.

அதற்கும் பிலோமின்ராஜிடம் வழி இருந்தது. அவர் விளக்கு வாடகைக்கும் கொடுப்பார். நாலு விளக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, புதுசு மாதிரியே இருக்கும் என்றார். வாடகை என்னவோ நியாயமான வாடகைதான், அழகியமணவாளன் கல்யாண வீட்டாரிடம் கேட்கிற அதே தொகை.

லால்குடியில் எட்டு விளக்கும் ஊர்வலத்துக்கு முன்னால் போயின. பாதி வழியில் சேற்றில் ஒருவன் கால் வழுக்கி ஒரு மேண்டில் உதிர்ந்தது. பிச்சமுத்து மடியிலிருந்து புதுசு எடுத்துக் கட்டி, நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. மிராசுதாருக்கு வேதாந்தம்தான் வக்கீல். அவர் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எட்டு விளக்கையும் எண்ணிப் பார்த்து, நம்மாத்து மாப்பிள்ளை பெரிய முதலாளி ஆகிவிட்டார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அழகியமணவாளன் அந்த வெளிச்சத்தில் தலை நிமிர்ந்து நின்றார். எந்த நாலு தன்னுடையது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்து ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடுத்தடுத்து ஆட்கள் தேடி வந்தார்கள். வாடகை விளக்குக்கு வாடகை கட்டியது போக, சொந்த விளக்கு நாலும் நன்றாகவே சம்பாதித்தன. கார்த்திகைக் கடைசியில் மறுபடி கையில் கொஞ்சம் பணம் நின்றது. அழகியமணவாளன் இந்தத் தடவை அதை அப்படியே கொண்டுபோய் வைதேஹியின் முன்னால் வைத்தார். மூன்று பங்காகப் போடு என்றார், ஆறு விளக்கு கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பங்கை மேண்டிலுக்கும் வாஷருக்கும் பிச்சமுத்துவிடம் கொடுக்கச் சொன்னாள். ஒரு பங்கு இரண்டு விளக்குக்குச் சேரட்டும் என்று தனியாக வைத்தாள். மூன்றாவது பங்கை அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

மூன்றாம் நாள் வேதாந்தம் வந்தார். இந்தத் தடவை கொடுக்க இல்லை. ஒரு வாரத்தில் திருப்பிவிடுவதாகச் சொன்னார். அழகியமணவாளன் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அத்தனை வருஷத்தில் அண்ணாவுக்கு இல்லை என்று சொல்லாத வைதேஹி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பணம் இருக்கு அண்ணா. ஆனா அது மார்கழி மாசத்துப் பணம். மார்கழியிலே எங்களாத்துலே விளக்கு எரியாது, அடுப்பாவது எரியணும்."

வேதாந்தம் காபி சாப்பிடாமல் போய்விட்டார். அவர் போன பிறகு வைதேஹி அடுக்களையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அந்த மார்கழியில் அவர்கள் யாரிடமும் அரிசி கடன் வாங்கவில்லை.

அழகியமணவாளன் இன்றைக்கும் நாள் பார்க்காமல் ஒரு வாஷர்கூட வாங்குவதில்லை. ஆனால் இப்போது ஒரு பக்கத்தோடு நிறுத்துவதில்லை, அடுத்த நாலு மாதத்தையும் முகூர்த்தம் முகூர்த்தமாகப் படித்து முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறார். படித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் ராகுகாலம் வந்துவிடுகிறது, அன்றைக்குப் பணம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பிலோமின்ராஜ் கடையில் புது விளக்கு வந்திருக்கிறது என்று அவர் கிளம்பினால் வைதேஹி தடுப்பதே இல்லை. பேசாமல் மாடத்திலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறாள்.